த. கயல்விழி, Kayalvizhi D, Kayalvili: மூவரும் ஒருவரே

கயல்விழி என்ற பெயரைத் தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கில எழுத்தில் எழுத உட்கார்ந்தால் Kayalvizhi, Kayalvili, Kayalvizi என்று அது கிளை பிரிகிறது. நியூமராலஜி பார்த்தவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் நடுவில் இன்னொரு ‘a’ ஏறி Kayaalvizhi ஆகிறது. உச்சரித்தால் எல்லாம் ஒன்றுதான். கணினிக்குக் காது கிடையாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அதற்கு இவர்கள் நான்கு வெவ்வேறு பெண்கள்.

தண்டபாணியின் மகள் கயல்விழி என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய பிறப்புச் சான்றிதழ் பழைய கையெழுத்துப் பிரதி, தமிழில் மட்டுமே இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் D. KAYALVIZHI. வாக்காளர் அட்டையில் தமிழில் ‘கயல்விழி’, அதன் கீழே ஆங்கிலத்தில் Kayalvili. ஆதாரில் Kayalvizhi D, அதற்கு மேலே தமிழில் ‘கயல்விழி டி’. பான் அட்டையில் KAYALVIZHI DHANDAPANI. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் DHANDAPANI, முதற்பெயர் KAYALVIZHI. வேலை தேடும் இணையதளத்தில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் Kayal Dhandapani. ஊரில் எல்லாரும் கயல் என்றுதானே கூப்பிடுகிறார்கள்!

அந்தத் தளம் ஒருநாள் அடையாளச் சான்று கேட்கிறது. கைக்குக் கிடைத்த வாக்காளர் அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறார். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று பதில் வருகிறது. ஆதாரை அனுப்புகிறார். அதே பதில். ‘தமிழில் இருப்பதால்தான் ஏற்கவில்லை’ என்று முடிவுகட்டி, தமிழ் இல்லாத பான் அட்டையை அனுப்புகிறார். அதுவும் திரும்பி வருகிறது. மூன்றும் ஒரே பதிலோடு திரும்பினாலும், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்ததைத் திருத்தக் கிளம்புகிறவர்கள்தான் இ-சேவை மையத்துக்கும் ஆதார் மையத்துக்கும் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆவணத்தில் எந்த மொழி முதலில் எழுதப்பட்டது, எது அதிலிருந்து பிறந்தது? இரண்டு வரிகளும் அருகருகே இருப்பதால் இரண்டும் சமம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. ஆதார் பதிவில் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார்கள். மென்பொருள் அதை ஒலிபெயர்த்துத் தமிழ்க் கட்டத்தில் நிரப்பும். பதிவாளர் அதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது திருத்த மாட்டார். ஆக, ஆதாரில் உள்ள தமிழ்ப் பெயர் நம் தாய் தந்தையர் வைத்த பெயர் அல்ல. ஆங்கிலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பெயர். கயல்விழியின் இனிஷியல் தமிழில் ‘த.’; தண்டபாணி என்பதை Dhandapani என்று எழுதியதால் ஆங்கிலத்தில் D ஆனது; அந்த D தமிழுக்குத் திரும்பும்போது ‘டி’ ஆனது. ‘டி’யில் தண்டபாணியின் வாசனை கூட இல்லை. அவருடைய அண்ணனுக்குப் பள்ளியில் Thandapani என்று எழுதியிருந்தால் அவர் T ஆகியிருப்பார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவருக்கு இரண்டு இனிஷியல்.

வாக்காளர் பட்டியலில் கதை தலைகீழ். தமிழ்நாட்டில் பட்டியல் தமிழில் அச்சாவது. பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ்தான் மூலம். ஆங்கிலம் பிறகு சேர்ந்தது. அதனால் அங்கே தமிழ் சரியாக இருக்கும், ஆங்கிலம் தடுமாறும். கயல்விழியின் அட்டையில் Kayalvili என்று இருப்பது அப்படி வந்ததுதான்.

இனி, படத்தை அனுப்பியதும் மறுமுனையில் நடப்பதைப் பார்ப்போம். பெரிய தளங்களில் முதல் சோதனையை மனிதர் செய்வதில்லை. ஒரு நிரல் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது. தமிழ் வரி மட்டும் தெளிவாக விழுந்திருந்தால் அதை ரோமன் எழுத்துக்கு மாற்றுகிறது. மாற்றுவதற்கு அது நாடக்கூடிய ஒன்று ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச ஒலிபெயர்ப்பு முறை. 2001இல் வெளியான இந்த முறை அறிஞர்களுக்கானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முறைக்கு நெருங்கிய உறவு. எழுத்துக்கு எழுத்து துல்லியம். எழுதியதைப் பார்த்து மூலத் தமிழைப் பிசகின்றி மீட்டுவிடலாம். ஆனால் உலகில் எந்தத் தமிழரும் தன் பெயரை அப்படி எழுதுவதில்லை. அந்த முறையில் ‘ச’ என்பது c. ‘ழ’ என்பது கீழே கோடு போட்ட l. ‘த’ என்பது t, ‘ட’ என்பது கீழே புள்ளி வைத்த t. கோடு, புள்ளிகளைக் கணினி உதிர்த்துவிட்டால் மிச்சம் இப்படி இருக்கும்:

```
கயல்விழி  →  kayalviḻi    →  Kayalvili
தண்டபாணி →  taṇṭapāṇi   →  Tantapani
செல்வி    →  celvi        →  Celvi
```

Dhandapani என்று பிறந்ததிலிருந்து எழுதி வந்த குடும்பம் Tantapani என்ற பெயரைப் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரர் என்றே நினைக்கும். நிரலும் அப்படித்தான் நினைத்தது.

இதைத் தப்பென்று சொல்லிவிடவும் முடியாது. தமிழ் எழுத்துமுறையின் இயல்பு அது. ‘க’ என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப k, g, h என்று ஒலிக்கும். ‘ப’ p ஆகவும் b ஆகவும் ஒலிக்கும். நமக்குச் சூழல் தெரியும், அதனால் தடுமாறுவதில்லை. ‘பாலன்’ என்று எழுதியிருந்தால் அவர் Balan என்று பழக்கத்தால் தெரிகிறது. எழுத்தில் அந்தத் தகவல் இல்லை. எழுத்தில் இல்லாததை எந்த நிரலும் எடுத்துக் கொடுக்க முடியாது. மறுபக்கம் ந, ன, ண மூன்றும் ரோமனில் ஒரே n ஆகிவிடுகின்றன. போகும் வழியிலும் இழப்பு, வரும் வழியிலும் இழப்பு.

பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் ஐகாவோ அமைப்பின் 9303 எண் ஆவணத்தில் சிரிலிக், அரபு எழுத்துகளை ரோமனுக்கு மாற்ற அட்டவணைகள் உண்டு. தமிழுக்கு அட்டவணை இல்லை. நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கும் ரோமன் எழுத்துதான் பாஸ்போர்ட்டின் அடியிலுள்ள இயந்திர வரியில் ஏறுகிறது. 44 இடம் கொண்ட அந்த வரியில் A முதல் Z வரையிலான எழுத்துகளும் ‘<’ என்ற நிரப்புக்குறியும்தான் பெயருக்கு அனுமதி:

```
P<INDDHANDAPANI<<KAYALVIZHI<<<<<<<<<<<<<<<<<
```

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரே ரோமன் முறையை அரசே விதித்தால் என்ன என்று கேட்கலாம். ஊர்ப்பெயர்களில் அதைச் செய்து பார்த்தார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. வேலூர் Veeloor ஆனது. ‘ஏ’காரத்துக்கு ee போட்டதால் அதை வீலூர் என்றே படிக்கத் தோன்றியது. சில நாள்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே முடியாதது எட்டுக் கோடிப் பேருக்கு நடக்கப்போவதில்லை என்பது என் கணிப்பு. பழக்கத்தில் உள்ள எழுத்தை மாற்றச் சொன்னால் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே ஒப்பிடும் நிரல்கள் ‘ஏறக்குறைய ஒன்று’ என்பதை ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்படுகின்றன. ஒரு பெயரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது பொதுவான வழி. Kayalvizhi என்பதை Kayalvili ஆக்க இரண்டு மாற்றம் போதும்: z இருந்த இடத்தில் l, பிறகு h நீக்கம். Dhandapani என்பதை Tantapani ஆக்க மூன்று. ஆனால் Selvan, Selvam இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவர்கள் ஒரே வீட்டில் வளரும் அண்ணன் தம்பியாகவே இருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்து விலகல், இரண்டு ஆளுக்கு ஒரு எழுத்து விலகல் என்றால் அந்தக் கணக்கை எங்கே நிறுத்துவது? எழுத்துக் கணக்கை மட்டும் நம்பும் தளம் உரியவரைத் தடுக்கும், சில சமயம் பிறரை உள்ளே விடும்.

ஒலியை வைத்து ஒப்பிடும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறையும் நமக்கு உதவாது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை எண்களாக்கும். நம் பெயர்கள் முதல் எழுத்திலேயே பிரிகின்றன: Dhanam, Thanam, Gandhimathi, Kanthimathi, Balan, Palan. தளம் நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு ரோமன் எழுத்துகளையும் தமிழாக்கிப் பார்ப்பது. Gandhimathi, Kanthimathi இரண்டும் ‘காந்திமதி’யில் வந்து சேரும். Selvan, Selvam சேராது. எந்த எழுத்துமுறை குழப்பத்தைத் தொடங்கியதோ அதுவே இங்கே சல்லடையாகிறது. அதன் பிறகும் பிறந்த தேதியையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சந்தேகமானதை ஓர் ஆள் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைக் கோளாறு உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. தமிழும் தமிழும் ஒப்பிடும்போதும் பெயர் பொருந்தாமல் போகும். கௌசல்யா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கௌ’ என்பது யூனிகோடில் ககரத்துடன் ஔகாரக் குறி சேர்ந்தது. அவசரத்தில் பலர் ‘கெ’ அடித்து அதன் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டாவது ‘கெ-ள-ச-ல்-யா’. அதை ரோமனாக்கினால் Kelacalya என்று வந்து நிற்கும். வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று சொல்லும். பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதே பெயர் அங்கே இருக்கும். சௌந்தர்யா, கௌதம், மௌனிகா எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அந்த எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்து ஒரு முறை அழிப்பு விசையைத் தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் சரியாக அடித்திருக்கிறார்கள். ‘கெ’ மிஞ்சினால் தவறு. ‘ஸ்ரீ’க்கும் யூனிகோடில் இரண்டு பிறப்பு உண்டு: ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், மற்றது ‘ஶ’வில் தொடங்கும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். ஸ்ரீதர், ஸ்ரீதேவி என்ற பெயர் தேடலில் வராவிட்டால் இதையும் சந்தேகப்படலாம்.

சரி, கயல்விழிக்கு வருவோம். ஏழெட்டு இடத்தில் ஏழெட்டு மாதிரி இருக்கும்போது எதைத் திருத்துவது?

எல்லாவற்றையும் அல்ல. ஒன்றை வேராக வைத்துக்கொண்டு மற்றதை அதை நோக்கி இழுக்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதுதான் வேர். அதை மாற்றுவது மறுவெளியீடு, கட்டணம், விசாரணை என்று நீளும். அதில் ஒட்டிய விசாக்களும் அந்தப் பெயரில்தான் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் கல்லூரியும் அரசு வேலையும் அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்கின்றன. கயல்விழியின் வேர், பாஸ்போர்ட்டில் உள்ள Kayalvizhi Dhandapani. பான் அட்டை ஏற்கெனவே அப்படியே இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் D. KAYALVIZHI என்று இருப்பதைத் தொட வேண்டாம். D என்பது Dhandapani என விரிவதால் முரண் இல்லை. அங்கே T என்று இருந்திருந்தால்தான் வில்லங்கம்.

அடுத்தது ஆதார். இங்கே ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். ஆதாரில் இனிஷியலோடு பெயர் எழுதலாம். பான் விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர்க் கட்டங்களில் ஒற்றை எழுத்து இனிஷியல் கூடாது; விரித்து எழுத வேண்டும். இரண்டையும் இணைத்தாக வேண்டும் என்பதும் சட்டம். விதிப்படி நடந்த குடிமகளின் பெயரே இரண்டு அட்டைகளில் இரண்டு விதமாக அமையும்படி அரசின் விதிகளே செய்துவைத்திருக்கின்றன. சிறு வேறுபாடு என்றால் கைப்பேசிக்கு வரும் கடவெண்ணைக் கொண்டு இணைத்துவிடலாம். வெளித் தளங்களில் அந்தச் சலுகை இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆதாரில் D என்பதை Dhandapani என்று விரித்துக்கொள்வதே நல்லது.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதற்கு மேல் என்றால் மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்குக் கேட்டு எழுத வேண்டும். அதனால் ஆங்கிலம் ஒரு நடை, தமிழ் ஒரு நடை என்று போகாதீர்கள். இரண்டு வரியையும் ஒரே முறையில் முடித்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு தாளில் இரண்டையும் பெரிதாக எழுதிக்கொண்டு போவது நல்லது:

```
KAYALVIZHI DHANDAPANI
கயல்விழி தண்டபாணி
```

பதிவாளர் தட்டச்சு செய்வதை நாம் பார்ப்பதற்காக நம் பக்கம் ஒரு திரை இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பாருங்கள். குறிப்பாகத் தமிழ்க் கட்டத்தை. மென்பொருள் ‘தந்தபாணி’ என்றோ ‘தாண்டபணி’ என்றோ நிரப்பியிருக்கும்; அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கடைசியில் தரும் ஒப்புகைச் சீட்டைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் இரண்டில் ஒரு வாய்ப்பு போய்விடும்.

ஆதார் அட்டையின் கியூஆர் குறியீட்டில் பதிந்திருக்கும் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்யும் தளத்துக்குத் தமிழ் வரி கண்ணில் படுவதே இல்லை. ஆகவே தமிழ் வரியைத் திருத்தியதால் புரொஃபைல் சரிபார்ப்பு தீராது. தமிழ் வரி தேவைப்படுவது அட்டையைக் கையில் வாங்கிப் படிக்கும் மனிதர்களிடம்: பத்திரப்பதிவு, வாரிசுச் சான்று, கூட்டுறவு வங்கி. இரண்டு வரிகளுக்கும் இரண்டு வேலை.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் இல்லை. அங்கே ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் தானாக வரும். வந்ததை நம்பாமல் கையால் திருத்துங்கள். கயல்விழியின் விஷயத்தில் தமிழ் சரி, ஆங்கிலம்தான் Kayalvizhi ஆக வேண்டும்.

கடைசியாக அந்த வேலைத் தளம். பான் அட்டையில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. ஆனாலும் அது ஏன் திரும்பி வந்தது? புரொஃபைலில் Kayal என்று இருந்ததால். Kayal என்பது Kayalvizhi-இன் சுருக்கம் என்று நமக்குத் தெரியும். நிரலுக்கு அது ஐந்தெழுத்து குறைந்த வேறொரு பெயர். அட்டையைப் புரொஃபைலுக்கு ஏற்ப மாற்ற அலைவதைவிடப் புரொஃபைலை அட்டைக்கு ஏற்ப மாற்றுவது இரண்டு நிமிட வேலை. சரிபார்ப்புக்கு அனுப்பும் முன்பே மாற்றுங்கள்; சில தளங்களில் ஒருமுறை பெயர் மாற்றினால் அடுத்த மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும், ஃபேஸ்புக்கில் 60 நாள். பெயரைத் தமிழில் காட்ட ஆசைப்படுகிறவர்கள், தளம் ‘வேறு பெயர்’ என்று தனிக் கட்டம் கொடுத்தால் அதில் தமிழை எழுதிக்கொள்ளலாம். முதன்மைக் கட்டத்தில் வேரில் உள்ள ரோமன் எழுத்தே இருக்கட்டும்.

குடும்பப்பெயர்க் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை என்பதால் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு உள்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் தந்தை பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவதே உத்தமம். எழுதும் முன் அப்பாவின் பாஸ்போர்ட்டில் Dhandapani என்று இருக்கிறதா, Dandapani என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய எழுத்தையே நகலெடுங்கள்.

தமிழில் மட்டுமே ஆவணம் வைத்திருப்பவர்கள் வேறு கூட்டம். தமிழ்நாட்டின் பழைய பிறப்புச் சான்றிதழ், இலங்கையின் வடக்கு கிழக்கில் தமிழில் எழுதப்பட்ட பிறப்புப் பதிவு ஆகியவற்றை வெளிநாட்டில் கொடுக்க வேண்டிவரும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படும். இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் என்று பதிவுபெற்றவர்கள் இருக்கிறார்கள். தவறு நடப்பது அவர்கள் மேசையில்தான். மூலத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அவர் தன் காதுக்குப் பட்டபடி பெயரை எழுதுவார். ஒரே குடும்பத்தின் மூன்று பிறப்புப் பதிவுகளை மூன்று பேரிடம் கொடுத்தால் தந்தை பெயர் மூன்று விதமாக வரும். எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுங்கள். பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ள எழுத்திலேயே பெயர் வர வேண்டும் என்று கேளுங்கள். இது மோசடி அல்ல. தமிழ்ப் பெயரை ரோமனில் எழுத அதிகாரபூர்வமான ஒரே முறை இல்லாதபோது, பாஸ்போர்ட் எழுத்தைப் பின்பற்றுவதுதான் நியாயமான வழி.

‘இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்’ என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வங்கியிலும் சில அலுவலகங்களிலும் உதவும். தானியங்கிச் சரிபார்ப்பில் அதற்கு மதிப்பே இல்லை, ஏனெனில் அதைப் படிக்க அங்கே ஆள் கிடையாது. எழுத்து மாறாமல் பெயரே வேறாக மாறியிருந்தால், உதாரணமாக மதம் மாறியிருந்தால், அரசிதழில் வெளியிடுவதுதான் வழி. zh, l தகராறுக்கெல்லாம் அரசிதழுக்குப் போகச் சொல்லும் தரகர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சங்கிலி முதல் தாளிலேயே தொடங்குகிறது. திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஏறும் எழுத்தே பிறகு எல்லாவற்றிலும் ஏறும். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். பெயர் சேர்க்கப் போகும்போது தமிழில் ஒரு வரி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பெற்றோர் பெயரை உங்கள் பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ பார்த்து எழுதுங்கள். நியூமராலஜி பார்ப்பதாக இருந்தால் அதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள்.